ஃபார்மேட் போடும் முன் ஃபைல்களை எடுக்க முடியுமா?

கேள்வி: லேப்டாப் ஆன் ஆகிறது. ஆனால் "Preparing Automatic Repair" என்று வந்து அங்கேயே சுற்றுகிறது. ஃபார்மேட் போட்டால்தான் சரியாகும், உள்ளே இருப்பது போய்விடும் என்கிறார் கடைக்காரர். மகளின் சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் கேஸ் வாங்கினால் எடுக்கலாமா?

பதில்: கேஸ் இப்போது வேண்டாம், ஃபார்மேட்டுக்கும் சம்மதிக்காதீர்கள். திரையில் எழுத்து வருகிறது என்றால் பெரும்பாலும் கெட்டிருப்பது விண்டோஸ்தான், ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஒரு 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதிலிருக்கும் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள்.

விண்டோஸ் இல்லாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் இயங்குதளம் லினக்ஸ் மின்ட். வேறொரு கம்ப்யூட்டரில் அதன் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. அதைச் சொருகி, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் F12, ஹெச்பியில் F9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் மின்ட் திரை வரும். அதிலுள்ள "Install Linux Mint" ஐகானை மட்டும் தொடாதீர்கள்.

ஃபைல் மேனேஜரில் உங்கள் டிஸ்க்கைத் திறந்து, Users என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயருக்குப் போங்கள். Desktop, Documents, Downloads மூன்றையும் பாருங்கள். காணாவிட்டால் OneDrive ஃபோல்டருக்குள் தேடுங்கள். எடுப்பதை இன்னொரு பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ போடுங்கள். என் அக்கா வீட்டு லேப்டாப்பில் இப்படி எடுத்தபோது, மின்ட்டின் டெஸ்க்டாப்பிலேயே எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். அது ரேமில்தான் இருக்கும் என்று தோன்றவில்லை. ஆஃப் செய்ததும் போய்விட்டது. நல்லவேளை, லேப்டாப் டிஸ்க்கில் மூல ஃபைல்கள் பத்திரமாக இருந்தன, மறுபடி எடுத்தோம்.

டிஸ்க்கைத் திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்டால் அது பிட்லாக்கர் பூட்டு. வழக்கமான லாகின் பாஸ்வேர்டு அதற்கு ஆகாது, 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து aka.ms/myrecoverykey முகவரியில் பாருங்கள். அந்தக் கீ இல்லாவிட்டால் கேஸில் போட்டாலும் திறக்காது.

லேப்டாப் அறவே உயிர் பெறாவிட்டால்தான் கேஸ். டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள். உள்ளங்கை அளவு தட்டைப் பெட்டி என்றால் 2.5 இஞ்ச் சாட்டா கேஸ். சூயிங்கம் பட்டை போல இருந்தால் எம்.2. அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, லேபிளைப் பார்த்து அதற்குரியதையே கேளுங்கள். சில மெல்லிய மாடல்களில் டிஸ்க் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதற்குக் கேஸ் உதவாது.

கேஸில் மாட்டியதும் விண்டோஸ் "You need to format the disk" என்று கேட்டால் Cancel கொடுங்கள். பழைய சுழலும் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். சத்தத்தோடு ஓட ஓட, இப்போது எடுக்க முடிகிற ஃபைல்களும் எடுக்க முடியாமல் போகும்.