பருப்புக் கணக்கும் பஸ் நோட்டும்

தோழருக்கு வணக்கம்.

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நிரந்தரத் தொழிலாளர் 340 பேர், கான்ட்ராக்ட் ஆட்கள் 200 பேர் வரை. போன மாதம்தான் சங்கச் செயலாளராகத் தேர்வானேன். கேன்டீன், கம்பெனி பஸ் இரண்டின் மேலும் ஏகப்பட்ட புகார். பழைய கமிட்டி 27 கோரிக்கை வைத்து மனு கொடுத்தது. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வந்தது. இந்த முறை நான் எழுத வேண்டும். ஆட்கள் 'சூடா எழுதுப்பா' என்கிறார்கள். எச்.ஆர். மேனேஜரோ 'எழுத்தெல்லாம் எதுக்கு, பேசித் தீர்த்துக்கலாம்' என்கிறார். எப்படி எழுதுவது?

– செ.மு., ஸ்ரீபெரும்புதூர்

அன்புள்ள செ.மு.,

பேசுங்கள், ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். வாயால் ஒப்புக்கொண்ட எச்.ஆர். மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அவர் சொன்னதும் அவரோடு போய்விடும். அடுத்து வருபவர் 'ஃபைலில் ஒன்றும் இல்லையே' என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

நான் முதன்முதலில் எழுதிய மனுவில் 31 கோரிக்கைகள். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை, எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 'தரமான உணவு வழங்கப்பட வேண்டும்' என்பது முதல் கோரிக்கை. 'தவறும்பட்சத்தில் ஏற்படும் விளைவுகள் அனைத்துக்கும் நிர்வாகமே பொறுப்பு' என்பது கடைசி வரி. எழுதி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. உங்களுக்கு வந்த அதே ஒரு வரிதான் எங்களுக்கும் வந்தது. கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். தரமான உணவு வேண்டும் என்றால் எந்த நிர்வாகம் முடியாது என்று சொல்லும்? சரி என்றாலும் அது எதைச் செய்ய வேண்டும்? 'முடியாது' என்றும் சொல்ல முடியாத, 'செய்துவிட்டோம்' என்றும் காட்ட முடியாத கோரிக்கைக்குப் 'பரிசீலனை' தவிர வேறு பதில் கிடையாது.

அதனால் அடுத்த முறை எழுதும் முன் சமையல்கட்டுக்குப் போனோம். எங்கள் பெரிய புகார் இரண்டாம் ஷிஃப்ட் சாம்பார். பகலில் சுமாராக இருக்கும் சாம்பார் ராத்திரி எட்டு மணிக்கு வெந்நீரில் மஞ்சள்பொடி போட்ட மாதிரி இருக்கும். காண்ட்ராக்டர் பருப்பைத் திருடுகிறார் என்பது எல்லாருடைய தீர்ப்பு. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. இரண்டு தோழர்கள் பத்து நாள் ஷிஃப்டுக்கு முன்னால் போய் ஸ்டோரில் பருப்பு நிறுக்கும்போது நின்று பார்த்தார்கள். ஒப்பந்தத்தில் தலைக்கு 30 கிராம் துவரம்பருப்பு. 220 பேருக்கு 6 கிலோ 600 கிராம். பத்து நாளும் அளவு சரியாகவே இருந்தது.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்ற இண்டென்ட் காலை பத்து மணிக்கே டைம் ஆபீசிலிருந்து கேன்டீனுக்குப் போய்விடும். யாரை ஓவர்டைமுக்கு நிறுத்துவது என்று சூப்பர்வைசர்கள் முடிவு செய்வதோ மூன்று மணிக்கு மேல். முதல் ஷிஃப்டில் தங்கிய நாற்பது ஐம்பது பேர், சரக்கு ஏற்ற வந்த கான்ட்ராக்ட் ஆட்கள், யாருமே அந்த எண்ணிக்கையில் இல்லை. 220 பேருக்கு வைத்த அண்டாவில் 270 பேர் கரண்டி போட்டால் சமையல்காரர் என்ன செய்வார்? ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு கொதி விடுவார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மனுவில் 'தரமான உணவு' என்ற வரி போய், அதற்குப் பதில் இது வந்தது:

'இரண்டாம் ஷிஃப்ட் உணவுக்கான எண்ணிக்கை காலை 10 மணிக்கு அனுப்பப்படுகிறது. ஓவர்டைம் பட்டியல் அதற்குப் பிறகே முடிவாவதால் சராசரியாக 45 பேர் எண்ணிக்கையில் விடுபடுகிறார்கள் (10 நாள் விவரம் இணைப்பு 1). ஓவர்டைம் மற்றும் ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கையைப் பிற்பகல் 2 மணிக்குள் உணவகத்துக்குத் தெரிவிக்க உற்பத்திப் பிரிவுக்கு உத்தரவிடக் கோருகிறோம். அதற்குப் பின் சேர்பவர்களுக்காக 20 சாப்பாடு கூடுதலாகச் சமைக்க ஏற்பாடு செய்யவும் கோருகிறோம்.'

முதல் பாதிக்குக் காசு செலவில்லை, ஒரு சர்க்குலர் போதும். அது ஒரு வாரத்தில் வந்தது. கூடுதல் 20 சாப்பாட்டுக்கு இரண்டு கூட்டம் பேசி 10 என்று முடிந்தது. காண்ட்ராக்டரைத் திருடன் என்று எழுதியிருந்தால் அவர் ஸ்டோர் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருப்பார். சங்கத்தின் முகத்தில் கரி. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் வியர்க்கிறது.

உங்கள் 27 கோரிக்கைகளையும் இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மிச்சத்தில் எது சட்டப்படி நிர்வாகத்தின் கடமை, எது பழக்கத்தில் இருந்துவரும் சலுகை, எது நீங்கள் புதிதாகக் கேட்பது என்று பார்த்து எழுதுங்கள். இந்த மூன்றையும் ஒரே குரலில் எழுதுவதுதான் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

கேன்டீன் முதல் வகை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குக் கேன்டீனைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு அதை 100 பேராகக் குறைத்து, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தே எண்ணச் சொல்கிறது. ஆகவே உங்கள் 200 கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தனி வரிசை, தனி விலை என்று ஏதாவது இருந்தால் அதை மனுவில் மேலே கொண்டுவாருங்கள். தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கேன்டீன் நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும் என்பதும், சாப்பாட்டின் தரம், அளவு, மெனு, நேரம் ஆகியவற்றில் அந்தக் குழுவைக் கலந்துகொள்ள வேண்டும் என்பதும் பழைய சட்டத்திலிருந்தே வரும் ஏற்பாடு. பல இடங்களில் இந்தக் குழு நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் தொழிற்சாலையில் அது கடைசியாக எப்போது கூடியது என்று மினிட்ஸ் புத்தகத்தைக் கேளுங்கள். புத்தகமே இல்லை என்றால் உங்கள் முதல் கோரிக்கை கிடைத்துவிட்டது.

பஸ் அப்படியில்லை. எல்லாத் தொழிலாளருக்கும் பஸ் விட வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. பெண்களின் இரவு ஷிஃப்டுக்குத்தான் பாதுகாப்பும் போக்குவரத்தும் நிபந்தனையாக வரும். மற்றவர்களுக்கு அது ஒப்பந்தத்தால் அல்லது பழக்கத்தால் வந்தது. அதனால் 'சட்டப்படி' என்ற சொல்லைப் பஸ் பத்தியில் போட்டுவிடாதீர்கள். அவர்களுடைய வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவுக்கும் பதில் எழுதிவிடுவார். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டை நிறுத்தினால் கதை வேறு. வழக்கமாக இருந்த சலுகையைத் திரும்பப் பெற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு. புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

பஸ்ஸில் பெரிய சண்டை சீட்டுக்கு என்று நினைப்பீர்கள். எங்களுக்கு அது பஞ்ச் கார்டில் வந்தது. ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆவடி ரூட் பஸ் ஆறு பத்துக்கு வரும். கேட்டில் இறங்கி ஓடினாலும் கார்டில் சிவப்பு மை. பத்து நிமிடம் தாமதத்துக்கு அரைமணி சம்பளம் பிடிப்பார்கள். பஸ் கம்பெனியுடையது, டிரைவரை அனுப்பியது கம்பெனி ஏற்பாடு செய்த டிராவல்ஸ், பிடித்தம் மட்டும் எங்கள் சம்பளத்தில். வேலைக்கு வராத நேரத்தின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டமே சொல்லிவிட்டது, இன்றைய ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இந்த இடத்தில் 'சட்டப்படி' என்று தாராளமாக எழுதலாம்.

ஆதாரத்துக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் நேரத்தையும் கேட் செக்யூரிட்டி நோட்டில் எழுதுவார். ஒரு மாதம் எங்கள் ஆளும் அதே நேரத்தைத் தனியாகக் குறித்துவந்தார். பிறகு மனுவில் கேட்டோம்: கம்பெனி பஸ் தாமதமாக வந்த நாளில் அதில் வந்தவர்கள் ஷிஃப்ட் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கிட வேண்டும், செக்யூரிட்டி நோட்டின் நேரமே ஆதாரம். நிர்வாகத்தின் சொந்தப் புத்தகத்தையே சாட்சியாகக் காட்டியதால் மறுக்க இடமில்லாமல் போனது. அதற்குப் பிறகு டிராவல்ஸ்காரரை நேரத்துக்கு வரவைக்கும் கவலை எங்களைவிட அவர்களுக்கு அதிகமாகிவிட்டது.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். பேச்சுவார்த்தையில் 'பஸ்ஸே வேண்டாம், மாதம் இவ்வளவு பெட்ரோல் அலவன்ஸ் தருகிறோம்' என்பார்கள். இளைஞர்கள் உடனே தலையாட்டுவார்கள். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் நடக்கும் விபத்து, பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 51சி பிரிவிலிருந்தே வேலையில் நடந்த விபத்தாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. டிராவல்ஸ் பஸ்ஸும் இதில் அடங்கும். சொந்த பைக்கில் வரும்போது அடிபட்டால், 2010இல் அந்தச் சட்டத்தில் சேர்த்த 51ஈ பிரிவு சொன்னபடி நேரம், இடம், சூழ்நிலை எல்லாம் வேலையோடு தொடர்புடையவை என்று நிறுவ வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவருக்காக அதை நிறுவப் போவது நீங்கள்தான். அலவன்ஸுக்குச் சம்மதிக்கும் முன் பொதுக்குழுவில் இதை விளக்கிவிடுங்கள்.

சூடு பற்றி: 'விளைவுகளுக்கு நிர்வாகமே பொறுப்பு' வேண்டாம். அதற்குப் பதில் நாள் போடுங்கள். 'மேற்கண்டவை குறித்து 15 நாட்களுக்குள் சங்கத்தை அழைத்துப் பேசக் கோருகிறோம். அதற்குள் அழைப்பு வராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரசத்துக்கு எடுத்துச் செல்ல சங்கப் பொதுக்குழு தீர்மானித்துள்ளது' என்றால் அதில் வசைச்சொல் ஒன்றும் இல்லை, ஆனால் படிப்பவருக்குப் பதினாறாவது நாள் கண்ணில் தெரியும். தீர்மானத்தை முதலில் உண்மையிலேயே நிறைவேற்றிவிட்டு எழுதுங்கள். முதல் மனுவிலேயே தொழிற்சாலை ஆய்வாளருக்கு நகல் போடாதீர்கள். அது அடுத்த கடிதத்துக்கு இருக்கட்டும்.

'பார்வை' என்ற இடத்தில் பழைய கமிட்டியின் மனு நாளையும், அந்த ஒரு வரிப் பதிலின் நாளையும் போடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். விவரங்கள் இணைப்பில் இருக்கட்டும். தலைவரும் நீங்களும் சேர்ந்து போய்க் கொடுங்கள். எச்.ஆர். மேனேஜர் டீ சொல்லுவார், குடியுங்கள். கிளம்பும் முன் அலுவலக நகலில் இன்வார்டு சீல், தேதி, கையெழுத்து மூன்றும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் முதன்முறை 15 நாள் கெடு வைத்து எழுதிய மனுவின் நகலில் சீல் இருந்தது, தேதி இல்லை. 15 நாள் எப்போது தொடங்கியது என்று வாதாடியே இரண்டு மாதம் போயிற்று.