குடோன் எப்போதும் பின்மேடை இல்லை

"வண்ணாரப்பேட்டை புடவைக் கடை ஒன்றில் களப்பணி செய்தேன். கவுண்ட்டர் முன்மேடை, மாடி குடோன் பின்மேடை என்று எழுதினேன். 'இது வெறும் வர்ணனை, ஆய்வு இல்லை' என்கிறார் கைடு. என்ன செய்வது?"

கைடு சொல்வது சரிதான் நண்பரே. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் அன்றாட வாழ்க்கையை நாடகம் போலப் பார்த்தார்: பார்வையாளர் முன் நடிக்கும் இடம் முன்மேடை, அவர்கள் கண்ணில் படாமல் தளர்ந்து இருக்கும் இடம் பின்மேடை. நீங்கள் மேடையை இடமாக மட்டும் பார்த்துவிட்டீர்கள். யார் முன்னால் நடிக்கிறோம் என்பதுதான் ஒரு இடத்தை மேடையாக்குகிறது.

நான் அதே பகுதியில் இரண்டு தீபாவளி சீசன் விற்பனையில் நின்றவள். குடோனில் மூட்டை மேல் கால் நீட்டி உட்கார்ந்திருப்போம். முதலாளி படியேறும் சத்தம் கேட்டதும், மடித்து வைத்த புடவையையே உதறி மறுபடி மடிப்போம். அந்த நொடியில் குடோன்தான் முன்மேடை, பார்வையாளர் முதலாளி. காஃப்மன் இதையே, வேலை செய்வதாகக் காட்டும் வேலை என்று விவரிக்கிறார். முதலாளி இறங்கிப் போனதும் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள், மாற்றம் அங்கேதான் தெரியும்.

அப்புறம், பின்மேடையில் தெரிவது 'உண்மை முகம்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். குடோனில் வாடிக்கையாளரைக் கிண்டல் செய்வதும் சக ஊழியர்களுக்கான நடிப்புதான். புதிதாகச் சேர்ந்த பெண் சிரிக்காமல் இருந்தால் அவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

உங்கள் குறிப்பில் இப்படி ஆள் நுழைந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, முன்னும் பின்னும் உடல், குரல், பேச்சு எப்படி மாறின என்று விரித்து எழுதிப் பாருங்கள்.