ஸ்பிரிட் காயாத விரலும் பொய்யாகக் குறையும் சுகரும்: கேள்வி பதில்

லேபில் ரத்தம் எடுப்பதும் சுகர் மெஷின்களைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. வீட்டில் விரலைக் குத்திப் பார்ப்பவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கண்ணன், சேலம்: அம்மாவுக்கு வயது 68, கிளிமிபிரைட் மாத்திரை சாப்பிடுகிறார். நேற்றுக் காலை வெறும் வயிற்றில் வீட்டு மெஷினில் 71. அரை மணி நேரத்தில் லேபில் பார்த்தால் 112. பாட்டில் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் குத்துகிறோம். மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷினை அப்புறம் சந்தேகப்படலாம். துடைத்த எத்தனை நொடியில் குத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "துடைத்த உடனே" என்பதுதான் பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வெறும் வயிற்றில் விரல் ரத்தத்துக்கும் நரம்பில் எடுத்த ரத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சாப்பிட்ட பிறகுதான் விரலில் கூடுதலாகக் காட்டும். 100-க்கு மேல் இருக்கும்போது மெஷின் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்று அதற்கான சர்வதேசத் தரவிதியே இடம் கொடுக்கிறது. 112 என்றால் 95-லிருந்து 129 வரை எது காட்டினாலும் மெஷின்மேல் குற்றம் இல்லை. 71 அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இப்போது விரல் நுனியைப் பார்ப்போம். வரும் ரத்தச் சொட்டு 5 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தோலின் வரிகளில் 1 மைக்ரோலிட்டர் ஸ்பிரிட் தங்கியிருந்து அது முழுதாகக் கலந்தால் 112 என்பது 93 ஆகும். 2 தங்கினால் 80, 3 தங்கினால் 70. இது வெறும் மனக்கணக்குதான். நிஜத்தில் கலவை இவ்வளவு சீராக இருக்காது. ஆனால் ஸ்ட்ரிப் உறிஞ்சுவது பெரும்பாலும் 1 மைக்ரோலிட்டருக்கும் குறைவு. அதைச் சொட்டின் ஓரத்திலிருந்து எடுக்கிறது, ஸ்பிரிட் அதிகமாக இருப்பதும் அந்த ஓரத்தில்தான். பாக்கெட்டில் வரும் ஸ்வாபைவிட, பாட்டிலைக் கவிழ்த்து நனைத்த பஞ்சு விரலில் விட்டுப்போகும் ஈரம் மிக அதிகம்.

கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காய்ந்த விரலில் ரத்தம் மணி போல உருண்டு நிற்கும். ஈர விரலில் நிற்காமல் ரேகை வழியாகப் பரவும், நிறமும் வெளுத்துத் தெரியும். குத்தியதும் சுரீர் என்று எரிந்தாலும் ஸ்பிரிட் காயவில்லை என்று அர்த்தம்.

நாளைக் காலை இதைச் செய்து பாருங்கள். அம்மாவின் இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்து ஒரு முறை பாருங்கள். உடனே வலது கையில் வழக்கம்போல ஈரப் பஞ்சால் துடைத்து இன்னொரு முறை. ஒரே நாளை நம்ப வேண்டாம், மூன்று காலை செய்யுங்கள். ஈரக் கை மட்டும் ஒவ்வொரு முறையும் குறைவாக இருந்தால் காரணம் பஞ்சுதான். இரண்டுமே குறைந்தால் ஸ்ட்ரிப்பைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சுகர் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. கிளிமிபிரைட் சாப்பிடுபவருக்கு அது நடக்கக்கூடியதுதான்.

அதனால் இதையும் படியுங்கள். 70-க்குக் கீழே காட்டி, வியர்வை, நடுக்கம், குழப்பம் எது இருந்தாலும் ஆராய்ச்சி வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே காட்டியும் இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் தெம்பாக இருந்தால் கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலில் உடனே மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் குறைவுதான், சர்க்கரை கொடுங்கள். வயதானவர்களில் சிலருக்கு லோ ஆனாலும் அறிகுறி தெரியாது. "ஸ்பிரிட்டாக இருக்கும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ராஜேஷ், பெங்களூரு: ஸ்பிரிட் நொடியில் ஆவியாகிவிடும். ரத்தம் வெளியே வருவதற்குள் போய்விடாதா? வீண் பயம் என்று தோன்றுகிறது.

பாதி சரி. ஸ்வாபில் இருப்பது சாதாரணமாக 70 சதவீத ஆல்கஹால், மீதி தண்ணீர். ஆல்கஹால் சீக்கிரம் போகும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் போகாது. புழுக்கமான ஊரில் இன்னும் மெதுவாகப் போகும். மெல்லிய ஈரம் என்றால் 30 நொடியில் காய்ந்துவிடும், சொட்டச் சொட்ட நனைத்த பஞ்சு என்றால் காயாது.

பெயர் வேண்டாம், நாகர்கோவில்: வாரம் ஒரு நாள் ரெண்டு பெக் போட்டால் பொய்யாகச் சுகர் குறையும்னு சொல்றீங்களா சார்?

நான் சொன்னது விரலுக்கு வெளியே இருக்கும் ஆல்கஹால். உள்ளே போனால் பொய்யாக இல்லை, நிஜமாகவே இறங்கும். இன்சுலினோ கிளிமிபிரைட் வகை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் ஆபத்தான அளவுக்கும் இறங்கலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மேரி, கோவை: நான் ஸ்டாஃப் நர்ஸ். நீங்கள் எழுதுவதைப் படித்தால் ஸ்பிரிட்டே வேண்டாம் என்று ஜனங்கள் விட்டுவிடுவார்கள். சுகர் பேஷண்ட்டுக்குப் புண் வந்தால் ஆறுமா? வார்டில் நாங்கள் துடைக்காமல் குத்துவதே இல்லை.

வார்டைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை சிஸ்டர். படுத்திருப்பவரை எழுப்பிக் கை கழுவ வைக்க முடியாது, அங்கே ஸ்வாப் வேண்டும். நான் கேட்பது துடைத்த பிறகு காயவிடுங்கள் என்பது மட்டும்தான். வீட்டில் தன் விரலைத் தானே குத்துபவருக்குச் சோப்பும் தண்ணீருமே முதல் வழி.

கிருமி ஒரு பக்கம் இருக்கட்டும், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். 2011-ல் ஜப்பானில் செய்த ஒரு ஆய்வில் ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரித்த கையோடு சுகர் பார்த்தார்கள். அளவு பொய்யாக எகிறியது. ஸ்பிரிட்டால் துடைத்தும் சரியாகவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியாக வந்தது.

மேரி, கோவை: அப்படியென்றால் கழுவிய கை ஈரமாக இருந்தால் தண்ணீரும் கலக்காதா? அதையும் சொல்லுங்கள்.

சரியான பிடி. கலக்கும். ரத்தத்தை நீர்க்க வைப்பது ஈரம்தான், அது குழாய்த் தண்ணீராக இருந்தாலும் ஒன்றுதான். கழுவிவிட்டு லுங்கியில் ஒரு தட்டுத் தட்டி வந்து குத்துபவரும் இதே தப்பைச் செய்கிறார்.

ராஜேஷ், பெங்களூரு: நான் சோதித்தே பார்த்துவிட்டேன். காய்ந்த விரலில் 138, ஸ்பிரிட் ஈரத்தில் 146. குறையவில்லை, கூடியிருக்கிறது. உங்கள் கணக்கு என்ன ஆச்சு?

138-க்கும் 146-க்கும் நடுவே இருப்பது மெஷினின் வழக்கமான ஆட்டம். இரண்டும் காய்ந்த விரலாக இருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் வரும். கையைக் கழுவாமல் வெறும் ஸ்பிரிட்டால் துடைத்தீர்களா? அப்படியானால் விரலில் இருந்த இனிப்பும் கரைந்து சேர்ந்திருக்கலாம். ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க, உங்களுக்குக் கிடைத்தது கழித்ததுபோக மிச்சம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஈர ஸ்பிரிட் ஒவ்வொரு முறையும் இவ்வளவு குறைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு ஈரம், எவ்வளவு பெரிய சொட்டு, எந்த ஸ்ட்ரிப் என்பதைப் பொறுத்தது. சில சமயம் துளிகூட மாறாது, சில சமயம் மெஷின் எர்ரர் காட்டி ஸ்ட்ரிப் வீணாகும். என்னைப் பயமுறுத்துவது அந்த நிச்சயமில்லாமைதான். ஒரே மாதிரி 10 குறைந்தால் கூட்டிக்கொள்ளலாமே.

மேரி, கோவை: வார்டில் முதல் சொட்டைப் பஞ்சால் எடுத்துவிட்டு இரண்டாவது சொட்டில்தான் பார்ப்போம். அதனால்தான் எங்களுக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை. ராஜேஷ் சார் இதைச் செய்தாரா?

நல்ல பழக்கம். முதல் சொட்டு மிச்ச ஈரத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். ஒரே நிபந்தனை, அதைத் துடைக்கும் பஞ்சு உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சாலேயே முதல் சொட்டைத் துடைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஈரத்தைப் போக்குகிறேன் என்று மறுபடி ஈரத்தைப் பூசுவது அது.

ராஜேஷ், பெங்களூரு: நான் முதல் சொட்டில்தான் பார்த்தேன். கை கழுவவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு எண்ணை வைத்து நான் தப்பு என்றால், ஒரு எண்ணை வைத்துக் கண்ணனின் அம்மாவுக்கு ஸ்பிரிட்தான் காரணம் என்பதும் தப்புதானே?

அதனால்தான் மூன்று காலை பார்க்கச் சொன்னேன்.

செல்வி, தஞ்சாவூர்: எனக்கு ரத்தமே வராது அண்ணா. விரலை நன்றாகப் பிழிந்துதான் எடுக்கிறேன். ஸ்பிரிட் வைப்பதே இல்லை, ஆனாலும் குறைவாகக் காட்டுகிறது.

பிழியும்போது சதையில் இருக்கும் நீரும் சேர்ந்து வந்து ரத்தத்தை நீர்க்க வைக்கும். அங்கே ஸ்பிரிட் செய்வதை இங்கே அந்த நீர் செய்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், துடைத்ததும் கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கவிடுங்கள். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். அப்புறம் உள்ளங்கையிலிருந்து நுனிவரை மெல்ல நீவினால் போதும். விரலைக் குத்தும் பேனாவில் ஆழ அளவை ஒரு எண் கூட்டியும் பாருங்கள்.

இம்ரான், வேலூர்: சானிடைசர் போட்டால் போதுமா?

போதாது. கிளிசரின் சேர்த்தவை காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவுங்கள்.

பத்மா, மதுரை: துடைத்த பிறகு எவ்வளவு நேரம் காயணும்?

மேலே ராஜேஷுக்குச் சொல்லியிருக்கிறேன்.

குமார், ஈரோடு: ஊதிக் காயவைக்கலாமா? அவசரமாக ஆபீஸ் கிளம்பும்போது காத்திருக்க முடியவில்லை.

வாயில் இருக்கும் கிருமியை ஊதி விரலில் சேர்ப்பதற்கு ஸ்பிரிட் எதற்கு? துடைத்துவிட்டு ஸ்ட்ரிப்பை எடுத்து மெஷினில் செருகுங்கள், ஊசியைத் தயார் செய்யுங்கள். அதற்குள் காய்ந்திருக்கும். பெரும்பாலானோர் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு கடைசியில்தான் துடைக்கிறார்கள், அதுதான் வம்பு.

பத்மா, மதுரை: ஒரு ஊசியை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாமா? ஸ்பிரிட்டில் துடைத்துவிடுவோம்.

கூடவே கூடாது. ஹெபடைட்டிஸ் பி வரலாம். பேனாவையும் பகிர வேண்டாம்.

கண்ணன், சேலம்: மூன்று காலை பார்த்துவிட்டேன். கழுவிய கை, ஈரப் பஞ்சு என்ற வரிசையில் 109, 82. அப்புறம் 116, 111. இன்று 104, 77. இரண்டாம் நாள் மட்டும் ஏன் குறையவில்லை? இனி மாத்திரையைப் பாதியாக்க வேண்டாம் அல்லவா?

இரண்டாம் நாள் பஞ்சில் ஸ்பிரிட் குறைவாக இருந்திருக்கலாம், சொட்டு பெரிதாக வந்திருக்கலாம், இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மற்ற இரண்டு நாளும் 27 குறைந்திருப்பது மெஷினின் ஆட்டத்துக்கு அதிகம். கழுவிய கை மூன்று நாளும் லேப் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, ஆகவே மெஷினும் ஸ்ட்ரிப்பும் பரவாயில்லை. பஞ்சை நிறுத்துங்கள்.

பாதியாக்க வேண்டாம் என்று கேட்கிறீர்களே, ஏற்கெனவே பாதியாக்கிவிட்டீர்களா? அப்படியானால் இந்த மூன்று நாள் எண்களும் பாதி மாத்திரையில் வந்தவை. இந்தத் தாளையும், எந்தத் தேதியிலிருந்து பாதி என்பதையும் எழுதிக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.