கனவுல வர்ற அந்தப் பொம்பளை யாரு?

மேடம், ராத்திரி படுக்கவே பயமா இருக்கு. முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளை கனவுல வர்றா, தோள்ல பை, கால்ல செருப்பு, நேரா வீட்டுக்குள்ள வந்து முறைக்கிறா, நான் கத்தினா சத்தமே வரமாட்டேங்குது. படுத்த படுக்கையா இருக்குற அம்மாவை நான் ஒருத்திதான் பாத்துக்குறேன், அண்ணன் போன்ல விசாரிக்கிறதோட சரி. எனக்குக் கோவமே வராது, பொறுமைசாலின்னுதான் எல்லாரும் சொல்வாங்க. அவனா வந்து கேக்கணும்ல, நான் எதுக்குக் கேக்கணும்? அவ என்னைத் தொடக்கூட மாட்டா, என்னைத் தாண்டி அம்மா ரூமுக்குத்தான் போவா, அதை விடுங்க, தூக்கமில்லாம ஒரு வேலையும் ஓடலை. அண்ணன் மட்டும் நிம்மதியா தூங்குறான். இந்தக் கனவு நிக்க என்ன பண்றது?

அதை எப்படிம்மா விடுறது, அவ அம்மா ரூமுக்குப் போறாங்கிற அந்த வரியிலதான் கடிதமே இருக்கு. அம்மா போயிட்டா நமக்கு விடுதலைன்னு மனசு ஒரு நொடி நினைச்சிருக்கும், அதைப் பாத்து நீங்க நடுங்கிப்போயிருப்பீங்க. வருஷக்கணக்கா ஒருத்தரைப் பாத்துக்குறவங்க பலருக்கு இந்த நினைப்பு வந்துபோகும், அம்மாவுக்குக் கெடுதல் செய்யணும்ங்கிற ஆசைன்னு அதுக்கு அர்த்தமில்லை.

மனநல மருத்துவர் கார்ல் யுங் இதை 'நிழல்'னு சொன்னார். இது நான் இல்லவே இல்லைன்னு நாம தள்ளிவெச்ச கோவம், சுயநலம், ஆசை எல்லாம் சேர்ந்து கனவுல ஒரு ஆளா வந்து நிக்கும், பெரும்பாலும் ஆணுக்கு ஆணா, பெண்ணுக்குப் பெண்ணா. யுங்குக்கே மாணவரா இருந்தப்போ ஒரு கனவு, பனிமூட்டத்துல ஒரு சின்ன விளக்கைக் கையால பொத்திக்கிட்டு நடக்குறார், பின்னாடி ராட்சச கறுப்பு உருவம் ஒண்ணு வருது. முழிச்சதும்தான் புரிஞ்சுது, அது அந்த விளக்கு வெளிச்சத்துல பனிமேல விழுந்த அவரோட நிழல்.

உங்க பொம்பளை பையும் செருப்புமா வர்றாளே, அது வெளிய கிளம்புறவ கோலம் இல்லையா? இது என் ஊகம்தான், உங்களுக்கு உள்ளுக்குள்ள "ஆமா"ன்னு பட்டாத்தான் சரி.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குக் கோவம் வராதுன்னு நான் நம்பலை, கடிதம் பூரா அண்ணன்மேல கோவம்தான் இருக்கு. வாய்திறந்து கேக்காம, அவன் வரலைன்னு மனசுக்குள்ள கணக்கு எழுதிட்டிருக்கீங்க, அதைப் பொறுமைன்னு சொல்ல மாட்டேன். பகல்ல நீங்க பேசாத கோவம்தான் ராத்திரி அவளா வருது.

பகல்ல நல்லா முழிச்சிருக்கும்போது ஒரு நோட்டை எடுத்துட்டு உக்காருங்க, கனவை அவ வாசல்ல நிக்கிற இடத்துல நிறுத்துங்க, "உனக்கு என்ன வேணும்"னு கேளுங்க. மனசுல வர்ற பதிலைத் திருத்தாம எழுதுங்க. "ரெண்டு நாள் எங்கயாவது போகணும்"னு வந்தா, அதையே அண்ணன்கிட்ட தேதி போட்டுக் கேளுங்க. எழுதுறப்போ பதட்டம் ஏறினா அங்கயே நிறுத்திடுங்க.

நிஜமா நடந்த ஒரு பயங்கரம் அப்படியே கனவுல திரும்ப வந்தா இந்த முறை வேண்டாம், அதுக்கு வேற சிகிச்சை இருக்கு. முழிச்சிருக்கும்போதே அம்மாவை ஏதாவது செஞ்சிடுவோமோன்னு கை பரபரத்தா, அன்னைக்கே அம்மாகூட வேற யாரையாவது விட்டுட்டு மனநல மருத்துவர்கிட்ட போயிடுங்க.