வேறு ஊருக்குக் குடிபெயர்வதையும் வேலையில் சேரும் தேதியையும் நேர்காணலில் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் கணவருக்கு வேறு நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. அங்கேயே ஒரு நிறுவனத்தில் எனக்கு முதல் சுற்று நேர்காணல் முடிந்துவிட்டது. இப்போதைய வேலையில் நோட்டீஸ் காலம் 60 நாள். பள்ளி ஆண்டு முடியும் வரை பிள்ளைகளை இடம் மாற்ற முடியாது. "ஏன் இந்த ஊருக்கு வருகிறீர்கள், எப்போது சேர முடியும், குடும்பத்தோடு வந்து நிலைபெற எவ்வளவு நாளாகும்" என்று அடுத்த சுற்றில் கேட்பார்களாம். நம்பிக்கை வரும்படி எப்படிப் பதில் சொல்வது?

பதில்:

ஆள் எடுக்கும் பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்பதால், இந்த மூன்று கேள்விகளுக்குப் பின்னால் என்ன பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர் ஆஃபர் கடிதத்தை வாங்கிக்கொண்டு கடைசி நேரத்தில் வராமல் போய்விடுவாரோ என்பதுதான் முதல் பயம். சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போவாரோ என்பது அடுத்தது. ஊர் பிடிக்காமல் சில மாதங்களில் கிளம்பிவிடுவாரோ என்பது கடைசி. உங்கள் குடும்பக் கதையை அறிந்துகொள்ளும் ஆர்வத்தில் யாரும் கேட்பதில்லை.

முதல் பயத்துக்கு உங்களிடம் நல்ல பதில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் இந்த வேலைக்காக ஊர் மாறவில்லை, ஊர் மாறுவது முடிவாகிவிட்டதால் அங்கே வேலை தேடுகிறீர்கள். இதைச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம். "கணவருக்கு அங்கே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, அவர் அடுத்த மாதம் பொறுப்பேற்கிறார், ஆகவே நாங்கள் அந்த ஊருக்கு வருவது உறுதி" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அதன் பிறகு, இந்த நிறுவனத்தில் எந்தப் பணி உங்கள் அனுபவத்தோடு பொருந்துகிறது என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லிப் பேச்சை வேலையின் பக்கம் திருப்பிவிடுங்கள். எதற்காக மாற்றல், மாமியார் என்ன சொன்னார், இப்போதைய வீட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதெல்லாம் அங்கே வேண்டாம். காரணம் நீள நீள, கேட்பவருக்குச் சந்தேகமும் நீளும்.

"கணவருக்கு மறுபடியும் மாற்றல் வந்தால்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அவருடைய பணியில் ஓர் இடத்தில் வழக்கமாக எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொன்னால் போதும். என்றைக்கும் அந்த ஊரிலேயே இருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்பவர் அதை நம்பமாட்டார், அதோடு நீங்கள் சொன்ன மற்றவற்றையும் ஐயத்தோடு பார்ப்பார்.

இனி தேதி. முழு நம்பிக்கையும் இங்கேதான் கூடும் அல்லது கெடும். சேரும் தேதியைக் கேட்கிறவர் எழுதிக்கொள்ளத்தான் பேனாவை எடுக்கிறார். "கூடிய சீக்கிரம் வந்துவிடுகிறேன்" என்ற பதிலைக் கேட்டதும் எதையும் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது ஒரு தேதியும், அது எப்படி வந்தது என்ற கணக்கும்.

உங்கள் நிலைமையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 1, திங்கட்கிழமை ஆஃபர் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்துக் கையெழுத்திட்டு, இப்போதைய அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுக்க இரண்டு நாள். அதாவது ஜூன் 3. அதிலிருந்து 60 நாள் ஆகஸ்ட் 2 அன்று முடிகிறது. சாமான்களைக் கட்டி ஏற்றி, பயணம் செய்து, புது இடத்தில் தங்குமிடத்துக்குப் போய்ச் சேர ஒரு வாரம். ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை வேலையில் சேரலாம். மொத்தம் 70 நாள், சரியாகப் பத்து வாரம். ஆஃபர் கடிதம் எந்த நாளில் வரும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே நேர்காணலில், "கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து சரியாகப் பத்து வாரத்தில் சேருவேன், இதில் 60 நாள் நோட்டீஸ், மீதி விலகல் கடிதம் கொடுக்கவும் இடம்பெயரவும்" என்று சொல்லுங்கள். கடிதம் தாமதமானால் தேதியும் அதே அளவு நகரும் என்பது அவர்களுக்கே புரியும், பழி உங்கள் மேல் வராது.

அந்த ஒரு வார இடைவெளியைக் குறைக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விடுவிப்பு, திங்கட்கிழமை வேறு ஊரில் வேலை என்று ஒப்புக்கொண்டால், பொறுப்பை ஒப்படைப்பது ஒரு நாள் இழுத்தாலும் சொன்ன தேதி தவறிப்போகும். முன்கூட்டிச் சேரச் சொன்னால் வேறு வழி உண்டு. மீதமிருக்கும் விடுப்பை நோட்டீஸில் கழிக்க விடுவார்களா, அல்லது சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னதாக விடுவிப்பார்களா என்று உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள், மனிதவளத் துறையிலும் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்தால் மட்டும் புதுத் தேதியைச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுப்பைப் பல நிறுவனங்கள் விலகும் தேதியோடு சேர்த்து நீட்டிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். வீடு பார்க்க லீவு போட்டுவிட்டு, அதனாலேயே சேரும் தேதியைத் தள்ளியவர்கள் உண்டு.

நிலைபெறுவது பற்றிக் கேட்கும்போது, நீங்கள் வருவது ஒன்று, குடும்பம் வருவது வேறொன்று என்று பிரித்துச் சொல்வதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். பிள்ளைகளின் பள்ளியை முதலில் எடுத்தால், ஆண்டு முடியும் வரை நீங்களும் வரமாட்டீர்கள் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"நான் சேரும் தேதிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தொடர்பில்லை. பள்ளி ஆண்டு முடியும் வரை அவர்கள் என் பெற்றோரோடு இருப்பார்கள். கணவர் எனக்கு முன்பே அங்கே வந்துவிடுவார், நான் வந்ததும் இருவரும் அலுவலகத்துக்கு அருகில் தற்காலிகமாகத் தங்குகிறோம். வீடு பார்ப்பதை வார இறுதிகளில் வைத்துக்கொள்கிறோம். பள்ளி முடிந்ததும் அவர்களை அழைத்துவர எனக்கு இரண்டு நாள் விடுப்புத் தேவைப்படும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடு வேறாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஏற்பாடு இன்னும் ஆகவில்லை என்றால் அடுத்த சுற்றுக்கு முன் அதை முடித்துக்கொள்வது நல்லது. கடைசியில் வரும் அந்த இரண்டு நாள் விடுப்பு எனக்கு மிகவும் பிடித்த வரி. சேர்ந்த பிறகு கேட்டால் இடையூறாகத் தோன்றும் அதே விடுப்பு, முன்னதாகச் சொன்னால் திட்டமிடத் தெரிந்தவர் என்று காட்டும். இடம்பெயர்வுச் செலவை நிறுவனம் தருமா என்ற கேள்வியை மட்டும் இந்தச் சுற்றில் எழுப்பாமல், சம்பளம் பேசும்போது கேளுங்கள்.

நேர்காணல் முடிந்த அன்றே பேசியதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்: ஊர் மாறும் காரணம் ஒரு வரி, பத்து வாரக் கணக்கு ஒரு வரி, தங்குமிடம் ஒரு வரி, தேவைப்படும் விடுப்பு ஒரு வரி. உங்களிடம் பேசியவர் தன் மேலதிகாரியிடம் இதையே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். எழுத்தில் இருந்தால் கைமாறும்போது தேதி திரியாது.

ஆஃபர் கடிதம் வந்து, விலகல் கடிதமும் ஏற்கப்பட்டபின், விடுவிக்கும் தேதி எழுத்தில் கிடைத்த உடனே அதையும் புதிய நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அப்போது கணக்கு இரண்டு மூன்று நாள் மாறினால் பாதகமில்லை, இன்னும் எட்டு வாரம் இருக்கும். புதிய தேதியையும் காரணத்தையும் ஒரே கடிதத்தில் சொல்லி, "இந்தத் தேதி உங்களுக்குச் சரிப்படுமா" என்று கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகு பயணச் சீட்டு எடுங்கள்.