கல்விக் கடன் கட்டும் மகளுக்கு மாலை நேர வருமானம்

அம்மாப்பேட்டையிலிருந்து வந்த அப்பா ஒருவர், கல்விக் கடன் கட்டும் மகளுக்கு மாலை நேரத்தில் ஏதாவது வருமானத்துக்கு வழி உண்டா என்று கேட்டார். நாலு லட்சம் கல்விக் கடன், வட்டி பத்தரை சதவீதம், ஏழு வருடத் தவணை. மாதம் சுமார் 6,750 ரூபாய் போகிறது. சம்பளம் 18,000. மகளின் கையில் இரண்டு யோசனைகள் இருந்தன: தவணையில் லேப்டாப் வாங்கி ஏதாவது செய்வது, இல்லையென்றால் டெலிகிராமில் வந்த ‘டாஸ்க்’ வேலை.

முதலில் அந்த டாஸ்க். வீடியோவுக்கு லைக் போட்டதற்கு 150 ரூபாய் நிஜமாகவே வந்துவிட்டதாம். அதுதான் தூண்டில் புழு. அடுத்து ‘பிரீபெய்ட் டாஸ்க்’ என்று ஆயிரம் கட்டச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டு என்று நீளும். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள் இன்னும் மோசம், வழக்கு உங்கள் மகள் பேரில் வரும்.

லேப்டாப்பும் வேண்டாம். வருமானம் வருமுன்பே ஒரு தவணை வந்துவிடும்.

நான் சொன்னது ட்யூஷன். மகளுக்குக் கணக்கு நன்றாக வரும். தெருவிலேயே எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு பேர், தலைக்கு 500 ரூபாய், மாலை ஒன்றரை மணி நேரம். முதலீடு ஒரு கரும்பலகையும் பாயும்தான். ஆனால் ஆரம்பிக்குமுன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படியுங்கள். வெளி வேலை கூடாது என்று எழுதியிருந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது.

இங்கே பலர் சறுக்குவது கணக்கில். மாதம் 3,000 என்றால் வருடத்துக்கு 36,000 வராது. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் வரமாட்டார்கள். பத்து மாதம்தான், 30,000. அதனால் தவணைத் தொகையை உயர்த்தச் சொல்லாதீர்கள்; லீவு மாதத்தில் கட்ட முடியாமல் போகும். முதல் மூன்று மாத வரவைத் தனியாக வைத்துக்கொண்டு, அப்புறம் வருவதை அசலில் பகுதித் தொகையாகக் கட்டலாம். தனிநபர் கல்விக் கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. கட்டும்போது ‘தவணைத் தொகை அப்படியே, காலத்தைக் குறையுங்கள்’ என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துவிடுவதும் உண்டு.

மாதச் சராசரி 2,500 என்று வைத்தால், 84 மாதக் கடன் சுமார் 55 மாதத்தில் முடியும். வட்டியில் ஏறக்குறைய 60,000 மிச்சம். அப்பா நான் கணக்குப் போட்டுக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “கரும்பலகை செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்குமா?” என்றார்.