ஹீமோகுளோபின் 6, ஆக்ஸிஜன் 99: அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் 99 காட்டுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இவ்வளவு இருக்கும்போது நாலு படி ஏறினாலே ஏன் அப்படி மூச்சு வாங்குகிறது? ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்தால் சரியாகிவிடுமா?

அந்த 99 பொய் இல்லை. கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஐந்து குடம் இருக்கிற வீட்டிலும் குடங்கள் தளும்பலாம், இரண்டே குடம் இருக்கிற வீட்டிலும் தளும்பலாம். உங்கள் அம்மாவிடம் இருப்பது இரண்டு குடம். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபினை ஐந்து குடம் என்று வைத்துக்கொண்டால் 6 கிராம் என்பது சரியாக இரண்டு.

கருவிக்கு ஏன் குடத்தின் எண்ணிக்கை தெரியாது என்றால், அது வேலை செய்யும் விதமே அப்படி. விரலுக்குள் இரண்டு ஒளிகளை அனுப்புகிறது, ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் இரண்டு ஒளியும் எவ்வளவு மங்குகின்றன என்று பார்த்து, ஒன்றை இன்னொன்றால் வகுத்து, அதிலிருந்து சதவீதத்தை எடுக்கிறது. வகுக்கிற இடத்திலேயே மொத்த அளவு அடிபட்டுப் போய்விடுகிறது.

சரி, மொத்த அளவை எப்படிக் கணக்கிடுவது? ஆக்ஸிஜன் ரத்தத்தில் இரண்டு வழியாகப் போகிறது. பெரும்பகுதி ஹீமோகுளோபினோடு பிணைந்து போகிறது, ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுக்க நிரம்பினால் சுமார் 1.34 மில்லி ஆக்ஸிஜனைப் பிடிக்கும். மிச்சம் கொஞ்சம் ரத்தத்தின் நீர்ப் பகுதியில் அப்படியே கரைந்து போகிறது, அது ஆக்ஸிஜனின் அழுத்தத்தைப் பொறுத்தது. இரண்டையும் கூட்டினால் 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் வந்துவிடும். கீழே CaO2 என்பது அந்த மொத்தம், Hb ஹீமோகுளோபின், SaO2 அதில் நிரம்பிய பங்கு, PaO2 தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம், மில்லிமீட்டர் பாதரச அளவில்:

```
CaO2 = (1.34 × Hb × SaO2) + (0.003 × PaO2)

Hb 15:  1.34 × 15 × 0.98 + 0.003 × 100 = 19.7 + 0.3 = 20.0
Hb 6:   1.34 ×  6 × 0.98 + 0.003 × 100 =  7.9 + 0.3 =  8.2
```

(98 என்று போட்டிருக்கிறேன், 99 ஆனாலும் பெரிய மாற்றம் இல்லை.) இரண்டு வரியிலும் மாறாதது எது என்று பாருங்கள். சதவீதம் அதே 98, கரைந்த பங்கு அதே 0.3. நுரையீரல் நன்றாக இருக்கிறது, காற்றறைகளில் ஆக்ஸிஜன் அழுத்தம் வழக்கம் போலத்தான் இருக்கிறது, அந்த அழுத்தத்துக்கு ஏற்ப ரத்தநீரில் ஆக்ஸிஜன் கரைகிறது, அதே அழுத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினும் நிரம்பிவிடுகிறது. அதனால்தான் மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் ஆக்ஸிஜன் அழுத்தம் 95, 100 என்று நார்மலாகவே வரும். குறைந்தது மொத்தச் சரக்கு மட்டும். 20 இருக்க வேண்டிய இடத்தில் 8.

இனி இந்த ரத்தம் திசுக்களுக்குள் போகும்போது நடப்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 100 மில்லி ரத்தத்திலிருந்து உடல் சராசரியாக 5 மில்லி ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. நார்மலான ஆளுக்கு 20-இல் 5 போனால் 15 மிச்சம், அதாவது திரும்பி வரும் ரத்தம் இன்னும் 75 சதவீதம் நிரம்பியிருக்கும், அதன் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 40. உங்கள் அம்மாவின் ரத்தத்தில் 8.2-இல் அதே 5 போனால் மிச்சம் 3.2. சதவீதம் 40-க்கும் கீழே, அழுத்தம் 20-களின் ஆரம்பத்தில். ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். தந்துகிக்குள் நுழையும்போது இருவர் ரத்தத்திலும் அழுத்தம் ஒன்றுதான், ஆனால் இவருடைய ரத்தத்தில் சரக்கு குறைவு என்பதால் ஒவ்வொரு துளி ஆக்ஸிஜன் போகப் போக அழுத்தம் சரசரவென்று இறங்குகிறது. தந்துகியின் கடைக்கோடியில் இருக்கும் செல்களுக்கு வந்து சேர்வது பலவீனமான தள்ளுதல். கருவி விரலில் பார்ப்பது தமனி ரத்தத்தை, பயணம் தொடங்கும் இடத்தை. பஞ்சம் இருப்பது பயணம் முடியும் இடத்தில்.

உடல் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்காது. இதயம் வேகம் பிடிக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளிக்கொண்டிருந்தது 7 லிட்டர் தள்ளும். ரத்தம் நீர்த்துப் போயிருப்பதால் ஓடுவதும் சுலபம். மாதக்கணக்கில் மெதுவாக வந்த ரத்தசோகை என்றால் சிவப்பணுக்களுக்குள் ஒரு வேதிப்பொருள் கூடி, ஹீமோகுளோபின் தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும், திசுவில் ஆக்ஸிஜனை எளிதாக விடும். 6-ல் ஒருவர் எழுந்து நடமாடுவதே இந்த ஏற்பாடுகளால்தான். ஒரே நாளில் 6-க்கு இறங்கியவர் அப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் படி ஏறும்போது கணக்கு உதைக்கிறது. உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்ஸிஜன் போதும், படி ஏறினால் அது மூன்று நான்கு மடங்கு ஆகும், 1000 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் ரத்தத்தில் லிட்டருக்கு 82 மில்லி. இதயம் மூச்சைப் பிடித்து 12 லிட்டர் தள்ளினாலும் மொத்தம் 984, அதையும் ஒட்டக் கறக்க முடியாது. அதனால் தசைகள் ஆக்ஸிஜன் போதாமல் சீக்கிரமே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கத் தொடங்கும், அமிலம் கூடினால் மூளை மூச்சை வேகப்படுத்தும். மூச்சு வாங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நுரையீரலில் கோளாறு என்று அர்த்தமில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்ற உறுப்புகள் தேவைப்பட்டால் ரத்தத்திலிருந்து இன்னும் அதிகம் எடுத்துக்கொள்ள முடியும். இதயத் தசைக்கு அந்த வசதி கிடையாது. அது ஓய்விலேயே தன்னிடம் வரும் ஆக்ஸிஜனில் சுமார் 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. அதிக ரத்தம் வந்தால்தான் அதற்கு வழி. இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் ரத்தசோகை மட்டுமே நெஞ்சுவலியைக் கொண்டுவரும், அப்போதும் விரலில் 99 தான் காட்டும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது இதை நேரில் பார்த்துக் கற்றேன். நாற்பது வயதுப் பெண், பல மாதமாக அதிக உதிரப்போக்கு. உள்ளங்கை ரேகை வெளுத்திருந்தது, எடுத்த ரத்தம் டியூபைச் சாய்த்தால் சுவரில் ஒட்டாமல் வழுக்கி ஓடியது. சாச்சுரேஷன் 99 என்று எழுதிவிட்டு, மூச்சுத் திணறல் பதற்றமாக இருக்கும் என்று குறிப்பு வைத்தேன். மூத்த மருத்துவர் ஒன்றும் சொல்லாமல், கருவியை விரலிலிருந்து கழற்றாமலே அவரை வார்டில் இருபதடி நடக்கச் சொன்னார். 99 ஓர் எண்கூட அசையவில்லை. அதற்குக் கீழே இருந்த நாடித் துடிப்பு 108-லிருந்து 140-ஐத் தாண்டியது. இரண்டாவது எண்ணை நான் பார்க்கவே இல்லை. அந்தக் குறிப்பை எழுதியதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

உதடு நீலமாகவில்லையே என்றும் தேற்றிக்கொள்ளாதீர்கள். தோல் நீலம் பூப்பதற்குச் சிறு ரத்தக் குழாய்களில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன் இல்லாமல் இருக்க வேண்டும். மொத்தமே 6 கிராம் உள்ளவருக்கு அது வருவது மிகக் கடினம். அவர் வெளுத்துப்போவார், நீலமாக மாட்டார்.

இப்போது சிலிண்டர். பிணைந்த பங்கு 98-லிருந்து 100-க்குத்தான் போக முடியும், அங்கே லாபம் ஒன்றுமில்லை. கூடக்கூடியது கரைந்த பங்கு மட்டும். சுத்தமான 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுத்து அழுத்தத்தை 600-க்குக் கொண்டுபோனால் கரைந்தது 0.3-லிருந்து 1.8 ஆகும், மொத்தம் 8.2-லிருந்து 9.8. கூடியது 1.6 மில்லி, அதாவது 1.2 கிராம் ஹீமோகுளோபினுக்குச் சமம். ஒரு பை ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் கூடும். முகமூடியைக் கழற்றும் வரை மட்டுமே நிற்கிற ஒரு பை ரத்தம் என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வீட்டுக் கருவிகளில் 100 சதவீதம் கிடைக்காது என்பதால் லாபம் இதில் ஒரு சிறு பங்குதான். ரத்தம் வந்து சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்க மருத்துவமனையில் ஆக்ஸிஜன் கொடுப்பது நியாயம். வீட்டில் சிலிண்டரை வைத்துக்கொண்டு காத்திருப்பது நியாயமில்லை.

கரைந்த ஆக்ஸிஜனால் மட்டுமே உயிர் நிற்குமா என்று 1960 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் இட்டே போரெமா என்ற அறுவை மருத்துவர் சோதித்தார். பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறத்தாழ முழுக்க எடுத்துவிட்டு, மூன்று மடங்கு காற்றழுத்தமுள்ள அறைக்குள் ஆக்ஸிஜன் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார். அந்த அழுத்தத்தில் 100 மில்லிக்கு 6 மில்லி வரை கரையும், ஓய்வில் உடல் எடுக்கும் 5 மில்லிக்கு அது போதும். சாதாரண அறையில் அதை எட்டவே முடியாது.

அதனால் அம்மாவை இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, கறுப்பாக மலம் போவது, இதில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்கு. ரத்தம் ஏற்றச் சொன்னால் ஏன் ஒவ்வொரு பையாக இவ்வளவு மெதுவாக ஏற்றுகிறார்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள், நாள்பட்ட ரத்தசோகையில் இதயம் ஏற்கெனவே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, சட்டென்று அளவு கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். ஹீமோகுளோபின் ஏன் 6-க்கு இறங்கியது என்று கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள். அதுவரை வீட்டில் கருவியை மாட்டும்போது 99-ஐ விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் நாடித் துடிப்பைக் குறித்துவையுங்கள், உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, பத்தடி நடந்துவிட்டு வந்தால் எவ்வளவு என்று. மருத்துவரிடம் அந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.